காளை எங்களுடையது, புல் எல்லாருடையது

நான் வாய்க்காரி. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் சீவிய காலத்தில், கீழ் லயத்தில் ஒரு நாய் குரைத்தால்கூட, “யாரு, அவளா?” என்று மேல் லயத்தில் கேட்பார்களாம். சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அந்த வாயால்தான் என் வீட்டுக்காரரைக் கப்பல் ஏற்றினேன். அதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. துரை பாதி மரத்தைச் சீவ வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். எனக்கு வேலை இருந்தது, என் வீட்டுக்காரருக்கு இல்லை. வேலை இல்லாத ஆண்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கறவை மாடு வைத்திருக்கும் வீட்டு ஆம்பளையை மட்டும் துரை விட்டுவைத்தார். அவன் சோற்றுக்குத் தோட்டத்தைக் கேட்க மாட்டான் அல்லவா, அதனால்தான். எங்களிடம் ஒரு பசு இருந்தது. என் வீட்டுக்காரர் காலையில் கறந்து, பாலை டின்னில் ஊற்றி, பெக்கோக் ஸ்டேஷன் எதிரே ராவுத்தர் வைத்திருந்த சாயாக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தப் பால் வரும்வரை அவர் என்னோடு இருக்கலாம். பால் நின்றால் கப்பல்தான். எங்கள் குடும்பமே அந்த நாலு காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டுக்குப் புல் வேண்டுமே, எங்கே போவது? தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பால்மரத்துக்கு அடியில் ஒரு புல் தலை தூக்கக் கூடாது. மண் தெரியச் செதுக்கி வைப்பார்கள். மரத்துக்கு நடுவே மாடு நுழைந்தால், ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி காட்டுக் கத்தல் கத்துவார். இருந்ததெல்லாம் ஆற்றுப் படுகை ஒன்றுதான். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்று அதில் துரை மரம் நடவில்லை. மேல் லயமும் கீழ் லயமும் அதன் இரண்டு பக்கத்தில் இருந்தன. யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு வரலாம். வேலி கிடையாது, காவல் கிடையாது. ஆற்றங்கரை நெடுகத் திறந்து கிடந்த இடத்தை எங்கே போய் அடைப்பது? விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் யார் நின்று காவல் காப்பது?

நான் பிற்பாடு எத்தனையோ தடவை இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெரட்டு மணி அடித்தால் எல்லார் காதிலும் விழும். நான் கேட்டதால் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சத்தம் குறையாது, அவள் காதை மட்டும் அடைக்கவும் முடியாது. என் பானைச் சோறு அப்படியில்லை, நான் தின்றால் தீர்ந்தது, கதவைச் சாத்தினால் அடுத்தவருக்கு இல்லை. இந்த இரண்டைப் பற்றியும் எங்கள் லயத்தில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் இரண்டுக்கும் நடுவே கிடந்தவற்றில்தான். புல் அப்படி ஒன்று: யாரையும் தடுக்க முடியாது, ஆனால் ஒரு மாடு கடித்தது அடுத்த மாட்டுக்கு இல்லை. இன்னொன்று காளை. அதற்கு வருகிறேன்.

முதலில் படுகையில் பதினோரு மாடு மேய்ந்தது. புல் முழங்கால் உயரம் நின்றது. வேலை போகப் போக ஆளாளுக்கு மாடு வாங்கினார்கள். கறவை இருந்தால் கப்பல் இல்லை என்று தெரிந்த பிறகு யார்தான் வாங்க மாட்டார்கள்? கையில் காதில் கிடந்ததைக் கழற்றி வாங்கினார்கள். “என் ஒரு மாடு தின்னா புல்லு தீந்துருமா?” இதையே எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு கிடேரியும் வாங்கிக் கட்டினேன். மாடு இருபத்தைந்துக்கு மேல் போனது. எண்ணிக்கை ஏறியதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் நான் என் கிடேரியை விற்றால் அந்த வாய்ப் புல்லை மேல் லயத்து மாடு தின்னும், எனக்கு என்ன லாபம்? அவர்களும் அப்படியே நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் கீழ் லயத்தில் ஆறு வீடு சேர்ந்து ஒரு காளை வாங்கினோம். என் எதிர் வீட்டு அண்ணனுக்கு மாட்டு விஷயம் நன்றாகத் தெரியும். அவர் மூவார்ப் பக்கம் போய், நல்ல கறவை சாதிக் காளையாகப் பார்த்து ஓட்டிவந்தார். நெற்றி அகலம், திமில் ஆளுயரம். அது வந்து நின்றபோது எனக்குச் சாமி கும்பிடத் தோன்றியது. பட்டி கட்டி, பலகைக் கதவு போட்டு, பூட்டுப் போட்டோம். ஆறு வீடும் முறை வைத்து, நாளுக்கு ஒரு வீடாகப் புல் அறுத்துப் போடுவது. அந்த ஆறு வீட்டுப் பசு எப்போது சினைக்குக் கத்தினாலும் காளைக்கு விடலாம். மற்ற வீட்டுக்கு இல்லை. சாவி என் வீட்டில் இருந்தது. என் வாயை நம்பித்தான் கொடுத்தார்கள்.

வாங்கி ஒரு வாரம் இருக்காது, மேல் லயத்திலிருந்து அந்த அக்கா வந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். நெடுநெடுவென்று உயரம். அவள் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை, அவளிடமும் ஒரே பசு. அவளும் என்னைப் போலத்தான், அதே கத்தி அவள் கழுத்திலும் இருந்தது. எங்கள் வாசலில் ஆறு வீட்டுக்காரர்களும் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, நின்றபடியே பேசினாள்.

“எங்க லயத்துலயும் ஏழெட்டு வீடு காளைக்குச் சேர்றோம். எங்களுக்கும் முறை போடுங்க, நாங்களும் புல் அறுத்துப் போடுறோம். ஒரு காளைக்கு இத்தனை மாடு பெரிசா என்ன?”

எதிர் வீட்டு அண்ணன் தலையை ஆட்டினார். “வாரத்துக்கு ரெண்டு மூணு பசுவ நல்லாவே தாங்கும். இப்ப ஆறு வீட்டுக்கு மாசத்துக்கு ஒண்ணு வந்தாப் பெரிசு. சும்மா நின்னு தின்னுக்கிட்டுதான் இருக்கு” என்றார்.

“இன்னொண்ணு” என்றாள் அக்கா. “படுகைய இப்படியே விட்டா ரெண்டு லயத்துக்கும் ஒண்ணும் மிஞ்சாது. வீட்டுக்கு ஒரு மாடுதான்னு பேசி முடிவு பண்ணிக்குவோம். படுகைய மூணாப் பிரிச்சு, ஒண்ண மேய விட்டு ரெண்ட ஆறப் போடுவோம். எங்க ஆளுங்கள நான் கட்டுப்படுத்துறேன். உங்க ஆளுங்கள நீ பாத்துக்க.”

நல்ல வார்த்தை. ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு எரிந்தது. நாங்கள் நகையைக் கழற்றி வாங்கிய காளைக்கு இவள் வாயை மட்டும் கொண்டுவந்து பங்கு கேட்கிறாளா? என் கிடேரியை விற்கச் சொல்ல இவள் யார்? ஆனால் அதற்கும் அடியில் ஒரு கணக்கு என் மனத்தில் ஓடியது, அதை இன்றைக்கு மறைக்க மாட்டேன். காளை இல்லாவிட்டால் அவர்கள் பசுக்கள் சினை பிடிக்காது. சினை பிடிக்காத பசு ஒரு நாள் பால் வற்றும். வற்றினால் விற்பார்கள். விற்றால் படுகை முழுதும் எங்களுக்கு.

“அக்கா, காளை எங்களுது” என்றேன். “வேணும்னா நீங்க தனியா ஒண்ணு வாங்கிக்குங்க. படுகை யாரோடதும் இல்ல. அங்க யாருக்கு எத்தன மாடுன்னு நீங்க வந்து சட்டம் போட வேண்டாம்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “வைக்கப்போர்ல படுத்த நாய் கத தெரியும்ல? தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது.”

“யாரடி நாய்ங்கற?” என்று நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். “அவங்க சொல்றதுல ஞாயம் இருக்கே, புள்ள” என்று மெதுவாகச் சொன்னார். எல்லார் எதிரிலும் சொன்னார். எனக்கு அது போதாதா? “நீங்க சும்மா இருங்க” என்று கத்தினேன். மற்ற ஐந்து வீடும் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது. அக்கா திரும்பிப் பார்க்காமல் போனாள்.

எதிராளிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். ஆனால் அப்போது மூக்கு என் முகத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் பசுக்கள் வற்றும் என்றேனே, கேளுங்கள் கதையை. அக்கா ஆற்றைத் தாண்டி, மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பத்துக்குப் போனாள். அங்கே ஒருவரிடம் நாட்டுக்காளை ஒன்று இருந்தது. குட்டையாக, நோஞ்சானாகத்தான் இருக்கும். கன்று பெரிதாகப் பிறக்காது, பால் சாதியும் இல்லை. ஆனாலும் அது காளைதானே. மேல் லயத்துப் பசுக்கள் ஒவ்வொன்றாக ஆற்றைக் கடந்துபோய்ச் சினை பிடித்துக்கொண்டு திரும்பி வந்தன. ஒரு மாடும் குறையவில்லை. எங்கள் பட்டியில் மூவார்க் காளை மாதக்கணக்கில் தின்று கொழுத்து, சும்மா நின்றது.

அது தின்றது எங்கே விளைந்த புல் என்று நாங்கள் யோசிக்கவில்லை, மேல் லயத்தார் யோசித்தார்கள். ஒரு காளை எங்கள் மெலிந்த மாடு இரண்டு தின்பதைத் தின்றது. அதற்கு நாங்கள் ஆறு வீடும் முறை வைத்து, படுகையில் தண்ணீர் ஓரமாக இருந்த இளம்புல்லைத்தான் கட்டுக் கட்டாக அறுத்தோம். அவர்களுக்கு ஒரு நாளும் பயன்படாத மிருகத்துக்கு அவர்கள் மாட்டுப் புல். வயிறு எரியாதா? “உங்க காளைய உங்க வீட்டுச் சோறு போட்டு வளங்க!” என்று கரைமேல் நின்று கத்தினார்கள். நாங்கள் பதிலுக்குக் கத்தினோம். பிறகு ஒரு நாள் அவர்கள் ஆடு வாங்கி விட்டார்கள். பத்துப் பன்னிரண்டு ஆடு. மாடு நாக்கால் வளைத்துக் கடிக்கும், அடி மிஞ்சும். ஆடு வேரோடு ஒட்டக் கொறித்துவிடும். அலமாக்! ஒரு மாதத்தில் படுகை மொட்டைத் தலை மாதிரி ஆனது. புல் போன இடத்தில் லாலாங் கோரை ஏறியது. அது முற்றினால் மாடு வாய் வைக்காது.

நாங்கள் ஆட்டை விரட்டினோம். அவர்கள் எங்கள் புல்லுக்கட்டை அவிழ்த்து ஆற்றில் விட்டார்கள். ஒரு நாள் என் புல்லுக்கட்டு மிதந்து போவதை நான் கரையில் நின்று பார்த்தேன். மறுநாள் அக்கா வீட்டுப் பசுவின் கயிற்றை அறுத்துவிட்டது நான்தான். பசு மரத்துக்கு நடுவே நுழைந்து, அவளுக்குக் கிராணியிடம் நல்ல ஏச்சு கிடைத்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

மாட்டுப் பொங்கல் வந்தது. காளைக்குக் கொம்பில் நீலம் பூசி, மாலை போட்டு, மேளம் இல்லாத குறைக்குத் தகர டின்னைத் தட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டிப்போனோம். கோயில் மேல் லயத்தின் முனையில் இருந்தது. அது இரண்டு லயத்துக்கும் பொதுக் கோயில்தான். ஆனால் வழி படுகை ஓரமாகப் போனது. அங்கே அக்கா நடுப்பாதையில் பொங்கல் பானையை வைத்து அடுப்பு மூட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேல் லயம் முழுதும் நின்றது.

“கோயிலுக்கு ஆளுங்க போகலாம். காளை போகக் கூடாது. எங்க மாட்டுக்கு ஆகாத காளைக்கு எங்க சாமி எதுக்கு?” என்றாள்.

“சாமியும் உன்னுதா இப்ப?” என்றேன் நான்.

“காளை உன்னுதுன்னா சாமி என்னுதுதான்.”

யார் முதலில் தள்ளினார்கள் என்று தெரியவில்லை. நான்தான் என்று அவர்கள் சொல்வார்கள். டின் சத்தத்தில் ஏற்கெனவே மிரண்டிருந்த காளை கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, பானையைத் தட்டி, படுகைக்குள் இறங்கிவிட்டது. கொதிக்கும் பால் அக்காவின் காலில் கொட்டியது. அவள் கத்தவில்லை. காலை உதறிக்கொண்டு, “பொங்கிருச்சு, பாரு!” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு பக்கத்து ஆண்களும் கம்பை எடுத்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. கங்காணி வந்து விலக்கும்போது அந்தக் காளை படுகை நடுவே நின்று, மிச்சம் இருந்த புல்லை நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து இரண்டு லயமும் ஒரே தண்ணீர்க் குழாயில் முகம் பார்க்காமல் தண்ணீர் பிடித்தோம்.

இதற்குள் என் பசுவுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கன்று ஈன்ற புதிதில் டின் நிறையக் கறந்தது, இப்போது அரை டின். பிறகு கால் டின். என் வீட்டுக்காரர் விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு ரோட்டோரம், ரயில் தண்டவாள ஓரம் என்று அலைவார். அங்கெல்லாம் அவருக்கு முன்பே யாராவது செதுக்கியிருப்பார்கள். கைப்பிடிப் புல்லோடு வந்து உட்காருவார். கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்த அன்றைக்கு எங்கள் காளை முறையாக இருக்கும். பசுவுக்குப் போடாமல் காளைக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். முறை தவறினால் ஆறு வீட்டிலிருந்து வெளியே தள்ளிவிடுவார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான்.

எங்களுக்கு ஒரே நம்பிக்கை, பசு மறுபடி சினை பிடிக்க வேண்டும். சினைப் பசு இருந்தால், இத்தனையாம் மாதம் பால் வரும் என்று கிராணியிடம் சொல்லிக் கப்பல் பட்டியலில் பெயரைத் தள்ளிப்போடலாம். வேறு இரண்டு வீட்டில் அப்படிச் செய்திருந்தார்கள். நான் தினமும் காது கொடுத்துக் கேட்டேன். இன்றைக்குக் கத்தும், நாளைக்குக் கத்தும். அது கத்தவே இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கடைசியில் எதிர் வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் பசுவின் முதுகைத் தடவினார், வயிற்றை அமுக்கினார். “கத்தாதும்மா” என்றார்.

“ஏன்? சீக்கா?”

“சீக்கு ஒண்ணும் இல்ல. வயித்துக்கு இல்லாத மாடு பருவத்துக்கு வராது. தன் உசிரையே காப்பாத்த முடியல, அது கன்னுக்கு எங்க போகும்? ரெண்டு மாசம் நல்ல புல்லுப் போடு, தானா கத்தும்.”

“காளை இருக்கே, அண்ணே! கையெட்டுற தூரத்துல இருக்கே!”

“காளை இருந்து என்ன பண்ண? புல்லு இல்லயே.”

நான் பூட்டிய பட்டியைத் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு பேருக்குக் கொடுத்தாலும் குறையாத காளையை நான் பூட்டிப் போட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் குறைகிற புல்லைத் திறந்து போட்டேன். இதுதானே நான் செய்தது? காளைக்குச் சேர்த்துக்கொள் என்று அவள் வந்தபோது, அவள் பதிலுக்கு நீட்டியது புல். அந்தப் புல்தான் இப்போது எனக்கு வேண்டும். அவர்களிடம் புல் கேட்டால் பதிலுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்தப் பூட்டிய கதவு ஒன்றுதான். அதைக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும். நான் அதை வைத்துக்கொண்டு குரைத்தேன்.

அந்த வாரமே கிராணி பெரட்டில் கப்பலுக்குப் பெயர் வாசித்தார். என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. கால் டின் பாலைக் கறவை என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? ராவுத்தரும் பாவம், “இவ்வளவு கொஞ்சமா கொண்டாந்தா நான் எப்படிம்மா கடை நடத்துறது?” என்று வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்திருந்தார். கப்பலுக்கு இரண்டு மாதம் இருந்தது. நான் கிராணியிடம் போய்க் கெஞ்சினேன். “மாடு சினைன்னா வந்து சொல்லு, பாக்கலாம்” என்றார்.

இரண்டு மாதம். நல்ல புல் போட்டால் தானாகக் கத்தும் என்று அண்ணன் சொன்ன அதே இரண்டு மாதம். நான் அன்று சாயங்காலமே மேல் லயத்துக்குப் போனேன். காலில் செருப்பு இல்லை, மானமும் இல்லை. அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். காலில் வெந்த தழும்பு தெரிந்தது.

“காளைக்கு உங்களச் சேத்துக்கறோம்” என்றேன்.

“எதுக்கு?” என்றாள், தலை நிமிராமல். “எங்க மாடெல்லாம் சினை. கம்பத்துக் காளை போதும்.”

“கன்னு குட்டையாத்தான் பொறக்கும். அடுத்த ஈத்துக்கு நல்ல காளை வேண்டாமா? உங்க பொண்ணுக் கன்னுங்க பெரிசானா அதுங்களுக்கு வேண்டாமா?” அது அவளுக்கு உள்ளே போனது என்று தெரிந்தது. கழுவுகிற கை நின்றது. “பதிலுக்குப் படுகைய நீ அன்னைக்குச் சொன்ன மாதிரி வச்சுக்குவோம்.”

“அன்னைக்கு நான் கெஞ்சி வந்தேன். இன்னைக்கு நீ வந்திருக்க.”

“ஆமா, வந்திருக்கேன். என்ன செய்யச் சொல்ற, கால்ல விழவா?”

“வேண்டாம். உன் கிடேரிய முதல்ல வித்துட்டு வா. அப்புறம் பேசுவோம்.”

விற்றேன். கம்பத்துக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். அது போகும்போது கத்திக்கொண்டே போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு லயமும் கோயில் எதிரே கூடிப் பேசினோம். பேசினோம் என்றால் காட்டுக் கத்தல். மூன்று ஞாயிறு போயிற்று. முடிவில் வந்தது இதுதான்: வீட்டுக்கு ஒரு மாடும், பால்குடி மறக்காத கன்றும். ஆடு ஒன்றுகூட இல்லை. படுகையை மூங்கில் நட்டு மூன்றாகப் பிரித்து, ஒன்றில் மேய்ச்சல், இரண்டு ஆறட்டும். தினம் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஓர் ஆள் காவல், வேலை இல்லாத ஆண்கள்தான் இருக்கிறார்களே. ஆறுகிற இடத்தில் மாட்டை விட்டவர் காளைக்கு இரண்டு கட்டுக் கூடுதலாக அறுக்க வேண்டும். இதற்கெல்லாம் கட்டுப்பட்ட வீடு எதுவானாலும் அதன் பசுவுக்குக் காளைக் கதவு திறக்கும். கட்டுப்படாத வீட்டுக்குத் திறக்காது. படுகைக்குக் கதவு போட முடியவில்லை, காளையின் கதவையே படுகைக்குக் கதவாக்கினோம். அக்காதான் இதைச் சொன்னாள். எனக்குத் தோன்றவில்லையே என்று அப்போதும் எனக்குப் பொறாமை.

நல்லபடியாகத்தான் நடந்தது. முதல் வாரம் எங்கள் லயத்து ஆள் ஒருவன் ஏமாற்றப் பார்த்தான், நானே போய்ப் பிடித்தேன். மழை பிடித்தது. ஆறப்போட்ட இடத்தில் பச்சை தலைகாட்டியது. என் பசுவுக்கு விலா மறைய ஆரம்பித்தது. மயிர் மினுங்கியது. என் வீட்டுக்காரர் தினமும் அதன் காதைத் தடவிக்கொண்டு, “கத்தும்மா, கத்து” என்பார். மூன்று ஞாயிறு பேச்சிலேயே போய்விட்டது. மொட்டைத் தலையில் புல் முளைக்க அடுத்த மூன்று வாரம். மாடு தேற நாள் இருக்கவில்லை. அது கத்தவில்லை.

பெக்கோக் ஸ்டேஷனில் பினாங்குப் பக்கம் போகும் ரயிலுக்கு முப்பது பேர் மூட்டையோடு நின்றார்கள். அழுகையும் சாமி பேரும்தான். என் வீட்டுக்காரர் அழவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஏதாவது சொல்லித் திட்டட்டும் என்று இருந்தது. அன்றைக்கு என் கையைப் பிடித்து ஞாயம் என்று சொன்ன மனிதர் அல்லவா? அதைச் சொல்லிக் காட்டட்டும். ஒரு வார்த்தை. அவர் ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

“நாளைக்குக் காளைக்கு நம்ம முறை” என்றார். “மறந்துறாத.”

ரயில் நகர்ந்தது. நான் அந்தக் காளையையும் படுகையையும் தோட்டத்தையும் துரையையும் வாய் விட்டுத் திட்டினேன். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. என்னை மட்டும் திட்டிக்கொள்ள வாய் வரவில்லை.

மறுநாள் சீவி முடித்துவிட்டு அரிவாளோடு படுகைக்கு இறங்கினேன். புல் கணுக்கால் தாண்டி நின்றது. அக்கா அங்கே காவலாக, அவள் வீட்டுக்காரருக்குப் பதில் வந்திருந்தாள். அவர் பால் கொண்டு போயிருந்தார். நான் குனிந்து அறுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் தன் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

“ரயில் ஏறிட்டாரா?” என்றாள்.

“ஏறிட்டாரு.”

என் கண் மறைத்தது. புல் எது, கை எது என்று தெரியவில்லை. “அக்கா” என்றேன். “நீ வந்து கேட்டப்பவே நான் தொறந்திருந்தா அவரு இருந்திருப்பாரு.”

அவள் ஒரு பிடியை அறுத்து என் கட்டில் போட்டாள்.

“ஆமா” என்றாள். “தொறக்கல.”

அப்புறம் அடுத்த பிடிக்குக் குனிந்தாள்.